பின்னணிச் சரிபார்ப்புக்கு ஒப்புதல் கேட்பது: வாட்ஸ்அப்பா, நியமனக் கடிதமா, தனி மின்னஞ்சலா?

ஒரு வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. சம்பளமும் பேசி முடிந்தது. அவருடைய பட்டமும் முந்தைய வேலைகளும் உண்மைதானா என்று பார்ப்பதுதான் பாக்கி. அதற்கு அவருடைய ஒப்புதலும் சில விவரங்களும் வேண்டும். சிங்கப்பூரின் சிறிய, நடுத்தர நிறுவனங்களில் இதைப் பெரும்பாலும் மூன்று விதமாகக் கேட்கிறார்கள்: வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக, நியமனக் கடிதத்துக்குள் ஒரு வாசகமாக, அல்லது தனி மின்னஞ்சலாக. சரிபார்ப்பை வெளி நிறுவனத்திடம் கொடுத்து, அவர்களுடைய இணையப் பக்கம் வழியாகக் கேட்பது நான்காவது வழி. எதில் எது கெடும் என்று பார்க்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்.

ஜூரோங்கில் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். கணக்கு அதிகாரி பணிக்கு ஒரு பெண் தேர்வாகியிருக்கிறார், நிரந்தரவாசி. 2014இல் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தவர். சிங்கப்பூரில் இரண்டு இடங்களில் வேலை பார்த்திருக்கிறார். முதல் வேலை ஆள்சேர்ப்பு முகவை மூலம் கிடைத்த ஒப்பந்த வேலை. இரண்டாவது வேலையில் இப்போதும் இருக்கிறார். விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் வேலை தேடுவது அங்கே யாருக்கும் தெரியாது. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒப்புதல் கேட்கும் செய்தி சரியாக எழுதப்படாவிட்டால் முதலில் அடிபடுவது இங்கேதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரை வேலைக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடத் தேவையான தகவலை அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே திரட்ட ஒரு விலக்கு உண்டு. 'அப்படியென்றால் ஏன் கேட்க வேண்டும்' என்று சிலர் கடந்துவிடுகிறார்கள். நடைமுறையில் அந்த விலக்கு மட்டும் போதாது. அது திரட்டுபவருக்கு உதவும். தகவலைக் கையில் வைத்திருப்பவரைக் கொடுக்க வைக்காது. கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவும் பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவும் பொதுவாக வாயைத் திறப்பதில்லை. தவிர, சொல்லாமல் ஒருவரைப் பற்றி விசாரித்துவிட்டு அடுத்த மாதம் அவரோடு ஒரே அறையில் உட்கார வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்: வேகம் உண்டு, நம்பிக்கை இல்லை

'வாழ்த்துகள்! பின்னணிச் சரிபார்ப்புக்காக அடையாள அட்டையின் இரு பக்கங்கள், பட்டச் சான்றிதழ், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, இரண்டு பரிந்துரையாளர்களின் எண் ஆகியவற்றை இன்றே அனுப்பவும்.' இப்படி ஒரு செய்தி போகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும் என்பது இதை அனுப்புபவரின் கணக்கு.

பெறுபவரின் இடத்திலிருந்து இதைப் படித்துப் பாருங்கள். தெரியாத எண், வாழ்த்து, அவசரம், அடையாள அட்டைப் படம். சிங்கப்பூரில் வேலை மோசடிச் செய்தி ஒன்று எப்படித் தொடங்குமோ அப்படியேதான் இதுவும் இருக்கிறது. எச்சரிக்கையானவர் பதில் போடமாட்டார். அவரைத்தான் கணக்குப் பிரிவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தனி வேடிக்கை. குறுஞ்செய்தியாக அனுப்பினாலும் சிக்கல் தீராது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதில் நிறுவனப் பெயர் வர வேண்டுமானால் அந்தப் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாத பெயரில் போகும் செய்தி, பெறுபவரின் கைப்பேசியில் `Likely-SCAM` என்ற தலைப்பில் போய் விழும்.

வந்து சேரும் பதிலிலும் கோளாறு உண்டு. நான்கு விஷயம் கேட்ட செய்திக்கு 'ஓகே' என்று ஒரு கட்டைவிரல் வந்தால், அவர் எதற்குச் சம்மதித்தார்? இப்போதைய முதலாளியை அழைப்பதற்குமா? பிறகு ஒரு தகராறு வந்தால் அந்தக் கட்டைவிரலை வைத்து எதையும் நிறுவ முடியாது. அடையாள அட்டைப் படமோ மனிதவள ஊழியரின் சொந்தக் கைப்பேசியிலும் அதன் காப்புப் பிரதியிலும் தங்கிவிடும். அவர் வேலையை விட்டுப் போனால் கூடவே போகும்.

அடையாள அட்டை எண்ணை இந்தக் கட்டத்தில் கேட்பதே தேவையற்றது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதலின்படி, சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக நிறுவ வேண்டியிருந்தாலோ மட்டுமே தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணைத் திரட்டலாம். திருச்சியில் படித்த பட்டத்தைச் சரிபார்க்க சிங்கப்பூர் அடையாள எண் எதற்கும் உதவாது. அவர் வேலையில் சேரும்போது மத்திய சேம நிதிக்காக அதை எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள்.

ஆக, வாட்ஸ்அப்புக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கலாம். நேர்காணலுக்கு அழைத்த அதே எண்ணிலிருந்து, 'உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம், தலைப்பு இது, வியாழக்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள்' என்று சொல்வது. அதில் இணைப்பும் வேண்டாம், கோப்பும் வேண்டாம்.

நியமனக் கடிதத்துக்குள் ஒரு வாசகம்: சுலபம், ஆனால் மொத்தையானது

இரண்டாவது வழி பார்வைக்கு ஒழுங்கானது. கடிதத்தின் ஏழாவது பத்தியில், 'நிறுவனம் தேவையெனக் கருதும் எந்த விசாரணையையும் எவரிடமும் மேற்கொள்ள நான் சம்மதிக்கிறேன்' என்று இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரே கையெழுத்து. அதிலேயே எல்லாம் முடிந்தது.

இதில் கோளாறு 'எந்த', 'எவரிடமும்' என்ற சொற்களில் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காகத் தகவல் திரட்டப்படுகிறது என்று தெரிந்து கொடுப்பதுதான் ஒப்புதல். எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் வாசகத்தில் அந்தத் தெளிவு இல்லை. நம் எடுத்துக்காட்டில் நடக்கக்கூடியதைப் பாருங்கள். அவர் திங்களன்று கையெழுத்திடுகிறார். செவ்வாயன்று சரிபார்ப்பைக் கவனிக்கும் இளைய ஊழியர், கையெழுத்து இருக்கிறதே என்று, விண்ணப்பத்தில் உள்ள வரிசைப்படி முதல் எண்ணை அழைக்கிறார். அது இப்போதைய நிறுவனம். அவர் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. புது வேலையும் உறுதியாகவில்லை, பழைய இடத்திலும் முகம் மாறிவிட்டது.

இன்னொரு சிறு தொல்லையும் உண்டு. பல்கலைக்கழகம் ஒப்புதல் கேட்கும்போது சம்பளத் தொகை எழுதிய நியமனக் கடிதத்தை அனுப்ப முடியாது. எப்படியும் தனியாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கத்தான் போகிறீர்கள்.

நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டியது வேறு: இந்த நியமனம் சரிபார்ப்பின் முடிவைப் பொறுத்தது என்ற ஒரு வரி. நிபந்தனை கடிதத்தில் இருக்கட்டும். ஒப்புதலைத் தனியே கேளுங்கள்.

தனி மின்னஞ்சல்: முதலில் ஒப்புதல், பிறகு விவரம்

இந்த அளவு நிறுவனத்துக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது எங்கள் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனை: ஒப்புதலையும் விவரங்களையும் ஒரே மின்னஞ்சலில் கேட்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தால் செய்தி நீளும். அதைவிட மோசம், 'ஆவணத்தை அனுப்பிவிட்டேனே, அதுவே சம்மதம்தானே' என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்ளும். முதல் செய்தி இப்படி இருக்கலாம்:

> தலைப்பு: கணக்கு அதிகாரி பணி – சரிபார்ப்புக்கு உங்கள் ஒப்புதல், வியாழன் மாலை 5 மணிக்குள்
>
> வணக்கம் திருமதி ______,
>
> நியமனக் கடிதத்தில் குறிப்பிட்டபடி, நீங்கள் சேர்வதற்குமுன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க விரும்புகிறோம்: உங்கள் பி.காம். பட்டம், கடைசி இரண்டு வேலைகளில் நீங்கள் வகித்த பதவியும் காலமும். இந்தப் பணிக்குத் தேர்வாகும் எல்லாரிடமும் இதையே கேட்கிறோம். கடன், மருத்துவம், சமூக ஊடகம் எதையும் பார்ப்பதில்லை.
>
> கீழே உள்ளவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்:
>
> அ. பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடம் சரிபார்க்கலாமா? ஆம் / இல்லை
> ஆ. முந்தைய நிறுவனத்திடம் கேட்கலாமா? ஆம் / இல்லை
> இ. இப்போதைய நிறுவனத்திடம் எப்போது கேட்கலாம்? இப்போதே / நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன் என்று எழுதிய பிறகு / கேட்க வேண்டாம், வேறு சான்று தருகிறேன்
>
> 'இ'க்கு உங்கள் பதில் வரும்வரை இப்போதைய நிறுவனத்தை நாங்கள் தொடர்புகொள்ள மாட்டோம். சரிபார்ப்பு முடிந்தது என்று எழுத்தில் சொல்லும்வரை ராஜினாமா செய்ய வேண்டாம். சேரும் தேதியை அதற்கேற்பத் தள்ளி வைப்போம்.
>
> ஆவணம் எதையும் இப்போது அனுப்ப வேண்டாம். இந்தச் சரிபார்ப்புக்காக அடையாள அட்டை எண், சிங்பாஸ், ஓடிபி, வங்கி விவரம், கட்டணம் எதையும் கேட்க மாட்டோம். இந்தச் செய்தி எங்களிடமிருந்து வந்ததுதானா என்று சந்தேகம் இருந்தால், எங்கள் இணையத்தளத்தில் உள்ள எண்ணை அழைத்து மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்.
>
> தகவலைப் பார்ப்பவர்கள் மனிதவளப் பிரிவில் இருவர் மட்டுமே. நீங்கள் சேராவிட்டால் 6 மாதத்தில் அழித்துவிடுவோம். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அப்படிச் செய்தால் நியமனம் என்னவாகும் என்பதை முதலில் உங்களோடு பேசுவோம்.

இதில் 'கவலைப்பட வேண்டாம்' என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கவலைப்படாதே என்று சொன்ன பிறகுதான் பலர் கவலைப்படத் தொடங்குகிறார்கள். யாரைக் கேட்போம், யாரைக் கேட்க மாட்டோம், எதைக் கேட்க மாட்டோம் என்ற மூன்றும்தான் படிப்பவரின் மனத்தை அமைதிப்படுத்தும். 'எல்லாரிடமும் கேட்கிறோம்' என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும்.

'இந்தச் சரிபார்ப்புக்காக' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். சேர்ந்த பிறகு சம்பளத்துக்காக வங்கி எண் கேட்கத்தான் போகிறீர்கள். 'ஒருபோதும் கேட்க மாட்டோம்' என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் கேட்டால் சொன்ன சொல் பொய்யாகிவிடும். அழைக்க வேண்டிய எண்ணை மின்னஞ்சலுக்குள் தராமல் இணையத்தளத்தைக் காட்டுவதற்கும் காரணம் உண்டு: மோசடி மின்னஞ்சலிலும் ஓர் எண் இருக்கும், அதை அழைத்தால் மோசடிக்காரரே எடுத்து 'ஆமாம், நாங்கள்தான்' என்பார்.

6 மாதம் என்பது சட்டம் வகுத்த கணக்கு அல்ல. தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. கால அளவை நிறுவனமே முடிவு செய்து, எழுதியபடி நடக்க வேண்டும்.

குற்றப் பதிவு பற்றி இந்தச் செய்தியில் எதுவும் கேட்கவில்லை. சிலர் பழக்கத்தில் 'காவல்துறை நற்சான்று கொண்டுவாருங்கள்' என்று சேர்த்துவிடுகிறார்கள். சிங்கப்பூர்க் காவல்துறை கொடுக்கும் அந்தச் சான்றிதழ் வெளிநாட்டுத் தேவைகளுக்கானது. உள்ளூர் முதலாளிக்காகக் கேட்டு வாங்க முடியாது. கொண்டுவர முடியாத ஒன்றைக் கேட்டால், முடியவில்லை என்று சொல்ல அவர் கூச்சப்பட்டு நாட்களைக் கடத்துவார்.

இரண்டாவது செய்தி: ஐந்தே விவரம்

மூன்று கேள்விகளுக்கும் பதில் வந்த பிறகு ஒப்புதல் கடிதமும் ஒரு சிறு படிவமும் போகின்றன. படிவத்தில் வேண்டியவை: சான்றிதழில் உள்ள பெயர், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமும் படித்த கல்லூரியும், பதிவு எண்ணும் தேர்ச்சி பெற்ற ஆண்டும், ஒவ்வொரு வேலையின் தொடக்க மாதமும் முடிவு மாதமும், ஒப்பந்தத்தில் முதலாளியாக உள்ள நிறுவனத்தின் பெயர். இவ்வளவுதான். வயது, இனம், சமயம், திருமண நிலை எதற்கும் இதில் வேலை இல்லை. பழைய படிவத்திலிருந்து நகலெடுக்கும்போது இவை ஒட்டிக்கொண்டு வரும், அடித்துவிடுங்கள்.

தமிழர்களைப் பொறுத்தவரை அதிகம் இடறுவது பெயரில்தான். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் இருக்கும். இந்தியக் கடப்பிதழில் அந்த முதலெழுத்து விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் முழுப்பெயராக நிற்கும். சிங்கப்பூரில் பிறந்தவரின் அடையாள அட்டையிலோ இரண்டுக்கும் நடுவே `D/O` அல்லது `S/O` இருக்கும். ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறும். 'உங்கள் முழுப்பெயர்' என்று கேட்டால் பலர் கடப்பிதழில் உள்ளதை எழுதுவார்கள். தேர்வுப் பிரிவு அதைத் தேடிவிட்டு 'பதிவு இல்லை' என்று பதில் அனுப்பும். அதைப் படிக்கும் மேலாளர் சான்றிதழே போலி என்று எண்ணிக்கொள்வார். ஆகவே படிவத்தில், 'பட்டச் சான்றிதழில் அச்சாகியுள்ளபடி, முதலெழுத்து முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், எழுத்துக்கு எழுத்து அப்படியே' என்று கேளுங்கள். பதிவு எண் இருந்தால் பெயர்க் குழப்பம் பெருமளவு தீரும், ஏனென்றால் தேர்வுப் பிரிவு தேடுவது அதை வைத்துத்தான்.

அடுத்த இடறல் பட்டம் கொடுத்தது யார் என்பது. திருச்சியில் படித்தவர் கல்லூரியின் பெயரைச் சொல்வார். பட்டம் வழங்கியதோ அந்தக் கல்லூரி இணைந்திருந்த பல்கலைக்கழகம். கல்லூரிக்கு எழுதினால் 'பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள்' என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பதிலுக்குப் பல வாரங்கள் ஆகலாம். ராஜினாமா செய்ய வேண்டாம் என்ற வரி முதல் செய்தியிலேயே இருந்ததற்கு இதுவே காரணம். சிங்கப்பூரில் 2019 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு இந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை. ஓப்பன்சர்ட்ஸ் மின்சான்றிதழைக் கேட்டு வாங்கி, அந்தத் தளத்தில் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

தேர்வானவர் வெளிநாட்டவராக இருந்து வேலை அனுமதி அட்டை எடுக்க வேண்டியிருந்தால் முதல் செய்தியில் ஒரு வரி கூடும். 2023 செப்டம்பர் 1 முதல், எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் டிப்ளோமாவோ அதற்கு மேலோ படித்ததாகக் காட்டினால் அதைச் சரிபார்த்த சான்றையும் இணைக்க வேண்டும். அப்போது 'முடிவு மனிதவள அமைச்சுக்கும் போகும்' என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நோக்கம் மாறும்போது ஒப்புதலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

வேலை விவரத்தில், முகவை மூலம் வேலை பார்த்தவர் உட்கார்ந்து வேலை செய்த இடத்தின் பெயரைத்தான் எழுதுவார். அங்கே கேட்டால் 'இப்படி ஒருவர் எங்கள் ஊழியரே அல்ல' என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருந்தது என்று கேட்டால் சரியான முதலாளி வெளியே வருவார். விவரச் சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம் என்பதால் அது எல்லாரிடமும் இருக்க வேண்டும்.

'இ'க்கு அவர் மூன்றாவது பதிலைத் தேர்ந்தெடுத்தால் மாற்றுச் சான்று இதே சீட்டுகள்தான்: சேர்ந்த மாதத்துச் சீட்டு ஒன்று, அண்மையது ஒன்று, தொகையை மறைத்து. மத்திய சேம நிதிக் கணக்கின் சந்தா வரலாற்றிலும் முதலாளியின் பெயரும் மாதமும் தெரியும், ஆனால் அதில் சம்பளத்தைக் கணித்துவிடலாம். ஆகவே சீட்டு இல்லாதபோது மட்டும் அதைக் கேட்பது நல்லது.

படிவம் திரும்பி வரும் வழியிலும் கவனம் வேண்டும். கோப்புக்குக் கடவுச்சொல் போடச் சொல்லி, 'உங்கள் அடையாள அட்டை எண்ணே கடவுச்சொல்' என்று எழுதுவது இன்னும் பல அலுவலகங்களில் வழக்கம். அந்த எண் இரகசியம் அல்ல, அதைக் கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம் என்று தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025இல் சேர்ந்து அறிவுறுத்தின. அவரே தேர்ந்தெடுத்த ஒரு சொல்லைத் தொலைபேசியில் சொல்லட்டும்.

வெளி நிறுவனத்தின் இணையப் பக்கம் எப்போது சரி

ஆண்டுக்கு நாலைந்து பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு இது வேண்டியதில்லை. மாதத்துக்குப் பத்துப் பேர், பல நாட்டுப் பட்டங்கள், நிதித்துறைப் பணிகள் என்றால் கட்டணம் கொடுத்தாவது இந்த வழிக்குப் போவது நல்லது. அப்போதும் தரவுக்கான பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. அந்த நிறுவனம் வேறு நாட்டில் தகவலைக் கையாண்டால் ஒப்புதல் செய்தியில் அந்த நாட்டைக் குறிப்பிடுவது நேர்மை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுதான். தேர்வானவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெயரிலிருந்து, இணைப்புடன், '48 மணி நேரத்தில் நிரப்பவும்' என்று நேரடியாக மின்னஞ்சல் போகும். அவர் அழித்துவிடுவார், மூன்று நாள் கழித்து 'ஒத்துழைக்கவில்லை' என்று உங்களுக்கு அறிக்கை வரும். முந்தின நாளே உங்கள் முகவரியிலிருந்து, எந்த நிறுவனம், எந்த மின்னஞ்சல் முகவரி, என்ன தலைப்பு என்று இரண்டு வரி எழுதினால் இது நடக்காது. மேலே உள்ள அ, ஆ, இ கேள்விகளை அப்போதும் நீங்களேதான் கேட்க வேண்டும். வெளி நிறுவனங்களின் பொதுப் படிவங்களில் இப்போதைய முதலாளிக்கான கட்டம், முன்கூட்டியே 'ஆம்' என்று குறியிட்டபடி வரலாம். ஒப்பந்தம் போடுமுன் ஒரு மாதிரிப் பதிவை நீங்களே நிரப்பிப் பார்த்துவிடுங்கள்.

வியாழன் 5 மணி தாண்டியும் பதில் இல்லையென்றால் இரண்டாவது மின்னஞ்சல் வேண்டாம். நேர்காணலில் பேசிய அதே ஆள் வெள்ளிக்கிழமை காலை அழைக்கட்டும். பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் 'இ' கேள்வியாகத்தான் இருக்கும். மூன்றாவது பதிலைத் தேர்ந்தெடுத்தால் வேலை போய்விடுமோ என்று அவர் தயங்கிக்கொண்டிருப்பார். போகாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதையே ஒரு வரியில் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள்.